ணி, ண், ட, ன்: சொல் தொடங்காத எழுத்தில் பாட்டின் வரி தொடங்குவது எப்படி?

"என் நண்பன் பெயர் மணிகண்டன். அடுத்த மாதம் முப்பதாவது பிறந்தநாள். பெயரின் எழுத்துகள் வரிகளின் முதலில் மேலிருந்து கீழாக வரும்படி ஒரு பாட்டு எழுதி எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும் என்று ஆசை. ம-வுக்கு வரி வந்துவிட்டது. ணி-யில் நின்றுவிட்டேன். ண், ட, ன் மூன்றுக்கும் ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. ஹாஸ்டலில் நான்கு வருடம் ஒரே அறை. ராத்திரி தோசை வாங்கி வருவான், எங்கள் சட்டையைத்தான் போட்டுக்கொள்வான், என் அப்பா போனபோது ஒன்றும் பேசாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஹாப்பி பர்த்டே மெட்டிலேயே பாடலாமா?"

சொல் கிடைக்காதது உங்கள் குறை இல்லை, அப்படிச் சொற்களே தமிழில் இல்லை. பள்ளியில் தமிழ் நடத்தி, விழாக்களுக்குப் பாட்டும் எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர்ப் பாட்டு எழுத உட்காரும் பெரும்பாலோர் நின்றுபோகும் இடம் இதுதான். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்று நன்னூல் பட்டியலே கொடுத்திருக்கிறது. பன்னிரண்டு உயிரும் வரும். உயிர்மெய்யில் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங ஆகிய வரிசைகள் வரும், அவற்றிலும் சில வரிசைகளில் எல்லா எழுத்தும் வராது. புள்ளி வைத்த எழுத்து எதுவும் சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை பட்டியலிலேயே இல்லை. இப்போது மணிகண்டனைப் பாருங்கள்: ம, ணி, க, ண், ட, ன் என்று ஆறு எழுத்து. அவற்றில் ம-வும் க-வும் மட்டும்தான் சொல் தொடங்கும். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது, ஏறக்குறைய எல்லா எழுத்திலும் அங்கே சொல் தொடங்கும். அதனால்தான் அந்த முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் இரண்டாவது வரியிலேயே முட்டுகிறது.

இதற்கு ஔவையார் வழி காட்டியிருக்கிறார். ஆத்திசூடியை நாம் சின்ன வயதில் ஒப்பித்ததால் அதன் கட்டுமானத்தைப் பெரும்பாலும் கவனித்திருக்க மாட்டோம். அது அகர வரிசையில் போகிற நூல். அறம் செய விரும்பு, ஆறுவது சினம், இயல்வது கரவேல் என்று உயிரெழுத்து முடிந்து ககரம், ஙகரம், சகரம், ஞகரம் என்று வருகிறது. ஞயம்பட உரை என்பதற்கு அடுத்து டகரம் வரவேண்டும். அங்கே அவர் எழுதியது "இடம்பட வீடு எடேல்". அடுத்து ணகரம், "இணக்கம் அறிந்து இணங்கு". ரகரத்துக்கு "அரவம் ஆட்டேல்", லகரத்துக்கு "இலவம் பஞ்சில் துயில்", ழகரத்துக்கு "அழகு அலாதன செயேல்", ளகரத்துக்கு "இளமையில் கல்", றகரத்துக்கு "அறனை மறவேல்", னகரத்துக்கு "அனந்தல் ஆடேல்". முன்னால் ஒரு குறில், அதற்கு அடுத்து வேண்டிய எழுத்து. ஆய்தத்துக்குக்கூட "அஃகஞ் சுருக்கேல்" என்று அதே ஏற்பாடுதான்.

இதில் உறுதியான பகுதியையும் என் துணிவில் சொல்கிற பகுதியையும் பிரித்துவிடுகிறேன். ர, ல, ய ஆகிய மூன்று எழுத்துகளில் தொடங்கும் வடசொற்களுக்கு முன்னால் உயிரெழுத்து சேர்ப்பதை இலக்கணமே விதியாகச் சொல்கிறது. ரகரத்துக்கு அ, இ, உ, லகரத்துக்கு இ, உ, யகரத்துக்கு இ. அரங்கன், இராமன், உரோமம், இலாபம், உலோகம் எல்லாம் அப்படி வந்தவை. ட, ண, ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு இப்படி ஒரு விதி கிடையாது. அங்கே நமக்கு ஆதாரம் ஆத்திசூடியின் நடைமுறைதான். அந்த நடைமுறையை ஒருவரின் பெயருக்கும் நீட்டலாம் என்பது என் கருத்து. "இரண்டாவது எழுத்தில் வந்தால் அது முதலெழுத்துப் பாட்டே ஆகாது" என்று கறாராகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ட-வுக்கு டம்ளர், டவுன் பஸ் என்று பேச்சுச் சொல்லைப் போடலாம், தவறில்லை. ஆனால் ணி-க்கும் ண்-ணுக்கும் ன்-னுக்கும் அந்த வழியும் கிடையாது. ஆகவே எப்படியும் ஔவையாரிடம்தான் வரவேண்டியிருக்கிறது.

புள்ளி எழுத்துகளையும் அவர் வழியில் தனி வரியாக்கலாம், ஆனால் ஆக்க வேண்டாம். ண் என்பது தனியாக ஒலிக்கிற எழுத்து இல்லை. முன்னால் இருக்கிற க-வோடு ஒட்டிக்கொண்டு "கண்" என்று ஒரே மூச்சில் வருகிறது. ன் அதேபோல ட-வோடு ஒட்டி "டன்" ஆகிறது. பெயரை வாய்விட்டு மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள்: ம, ணி, கண், டன். ஆறு எழுத்து நான்கு துண்டாகிவிட்டது. நான்கு வரிப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம். எந்தப் பெயரையும் முதலில் இப்படிக் கூப்பிட்டுத்தான் பிரிக்க வேண்டும், எழுத்தை எண்ணிப் பிரிக்கக்கூடாது.

ம-வுக்கும் கண்-ணுக்கும் சொல் ஏராளம். ணி-க்கு முன்னால் ஓர் உயிர் வைத்தால் "அணி". டன்-னுக்கு முன்னால் உ வைத்தால் "உடன்". துணி, பணி, மணி என்றும் வரி தொடங்கலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். முன்னால் நிற்பது வெறும் உயிரெழுத்தாக இருந்தால் கண் அதை எளிதாகத் தாண்டி ணி-க்குப் போகும். து, ப என்று ஓர் உயிர்மெய் நின்றால் அதையும் பெயரில் சேர்த்துப் படித்துவிடுவார்கள்.

இப்போது மெட்டு. ஹாப்பி பர்த்டே மெட்டு இந்த வேலைக்குச் சரிவராது. அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் 1893-இல் வெளியிட்ட ஒரு காலை வணக்கப் பாட்டிலிருந்து வந்த மெட்டு அது. அதில் "ஹாப்பி" என்ற சொல் தாளத்தின் முதல் தட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும், அழுத்தமான தட்டு "பர்த்" என்ற அசையில்தான் விழும். கை தட்டிக்கொண்டே பாடினால் உடனே தெரியும். அதாவது வரியின் முதல் எழுத்து அந்த மெட்டில் மிகவும் பலவீனமான இடத்தில் நிற்கிறது. முதல் எழுத்தையே நம்பியிருக்கிற பாட்டுக்கு இது ஆகாது.

முதல் சொல்லிலேயே முதல் தட்டு விழுகிற தமிழ் மெட்டு வேண்டும். கும்மி அதற்குத் தோதானது. வரிக்கு ஏழு சீர், முன் பாதியில் நான்கு, பின் பாதியில் மூன்று. ஒரு சீருக்கு ஒரு கைத்தட்டு என்று வைத்தால் ஏழு தட்டில் சொல் முடிந்துவிடும், எட்டாவது தட்டு காலியாக விழும். அந்தக் காலித் தட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கிறது.

எழுதத் தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ம என்றதும் எல்லோருக்கும் முதலில் வருவது "மலர்போல் மனம்கொண்ட" என்கிற மாதிரி வரிதான். நீங்கள் முடித்துவிட்டதாகச் சொல்லும் ம வரியை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். அந்த வரியை முருகனுக்கோ மாலதிக்கோ பாடினாலும் பொருந்துமா? பொருந்தும் என்றால் அது எழுத்துக்காக எழுதிய வரி, நண்பனுக்காக எழுதியது இல்லை. நான் செய்வது தலைகீழான வேலை. நண்பனைப் பற்றிய செய்திகளை முதலில் வரிசையாக எழுதிவிட்டு, எந்தச் செய்தி எந்த எழுத்தில் உட்காரும் என்று பார்ப்பேன். உங்கள் கேள்வியிலேயே நான்கு செய்தி இருக்கிறது. ராத்திரி தோசை, சட்டை, அப்பா இறந்த நாள், நீங்கள் ஒரே பிள்ளை என்பது. சட்டை என்றால் அணிவது, அது ணி. துக்கம் என்றால் கண் கலங்குவது, அது கண். ஒரே பிள்ளை என்றால் உடன்பிறந்தார் இல்லை, அது டன். தோசை மட்டும் பாக்கி. ம-வுக்கு என்ன செய்வது? ராத்திரியில் அவன் போய் வந்த நாட்களில் ஒன்றாவது மழை நாளாக இருந்திருக்கும் என்று நானாக வைத்துக்கொண்டேன், மழை வந்தது. அப்படி இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள்: "மணி பன்னிரண்டு" என்று தொடங்கினாலும் ம-தான்.

இப்படி வந்த பாட்டு:

மழையிலும் ராத்திரி தோசையை வாங்கி
      மடியிலே சூடாக ஏந்திவந்தாய்
அணிவது எங்களின் சட்டைகள் தானே
      அழுக்கான பின்புதான் கொண்டுதந்தாய்
கண்கலங்கி நான்நின்ற நாளிலே பேசாமல்
      கைபிடித்து என்பக்கம் வந்தமர்ந்தாய்
உடன்பிறந்தார் இல்லாத என்வீட்டில் பிள்ளையாய்
      உறவாகி நூறாண்டு வாழ்ந்திருப்பாய்

உள்ளே தள்ளி எழுதியிருப்பது அதே வரியின் பின் பாதி. பெயர் இடது ஓரத்தில் இருக்கிறது: ம, (அ)ணி, கண், (உ)டன். அட்டையில் எழுதும்போது ம, ணி, கண், டன் நான்கையும் தடித்த சிவப்பிலும் அ, உ இரண்டையும் மற்ற எழுத்துகளின் நிறத்திலும் எழுதினால் பெயர் தனியாகத் தெரியும். கணினியில் வடிவமைத்தால் ணி என்பதை முழுதாகத் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றுங்கள். சில செயலிகளில் ண மட்டும் சிவப்பாகிக் கொக்கி கறுப்பாக நின்றுவிடும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பெரிதாக்கி ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பாட்டைக் கட்டியதில் ஒரு முடிவை மட்டும் விளக்க வேண்டும், அடுத்து வேறு பெயருக்கு எழுதும்போதும் அது உதவும். தமிழ்ப் பாட்டு என்றதும் நம் கை எதுகையைத் தேடும், அதாவது வரிகளின் இரண்டாவது எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று. பெயர்ப் பாட்டில் அது நடக்காது. முதல் எழுத்தைப் பெயர் எடுத்துக்கொண்டது. அணி, உடன் போன்ற இடங்களில் இரண்டாவது எழுத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது. அதற்கு மேல் எதுகைக்காகவும் மல்லுக்கட்டினால் பொருள் செத்துவிடும். ஆகவே எதுகையை விட்டுவிட்டு மோனையைப் பிடித்தேன். முன் பாதி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ பின் பாதியும் அதிலேயே அல்லது அதன் இன எழுத்தில் தொடங்குகிறது: மழை-மடி, அணி-அழுக்கு, கண்-கை, உடன்-உறவு. கும்மிப் பாட்டில் இந்த இடத்து மோனை காதுக்குப் பழகியதுதான். பெயர்ப் பாட்டில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. வரியின் முதல் எழுத்து ஒரு தட்டில் கேட்டு, ஐந்தாவது தட்டில் மறுபடி கேட்கிறது. தாளை வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிந்த எழுத்து, கேட்பவருக்கும் கொஞ்சம் பிடிபடத் தொடங்குகிறது. ஒரே எழுத்து கிடைக்காவிட்டால் இன எழுத்தும் மோனைக்கு ஆகும்: அ-வுக்கு ஆ, ஐ, ஔ, இ-க்கு ஈ, எ, ஏ, உ-வுக்கு ஊ, ஒ, ஓ. மெய்யில் ச-வுக்குத் த, ஞ-வுக்கு ந, ம-வுக்கு வ. மேலே கண்-ணுக்குக் கை வந்தது அ-வுக்கு ஐ என்ற கணக்கில்தான். ஆனால் அதே எழுத்து கிடைத்தால் அதைத்தான் போட வேண்டும்.

வரிகளை ஒன்றோடொன்று கட்டும் வேலையைக் கடைசிச் சீரிடம் விட்டேன். ஏந்திவந்தாய், கொண்டுதந்தாய், வந்தமர்ந்தாய், வாழ்ந்திருப்பாய். நான்கும் ஆய் என்று முடிகின்றன. அதோடு நான்கின் எடையும் ஒன்று. ஏந்-திவந்-தாய், வாழ்ந்-திருப்-பாய் என்று அசை பிரித்தால் நேர், நிரை, நேர் என்றே வரும். இரண்டாவது வரியில் முதலில் "தூக்கித்தந்தாய்" என்றுதான் வந்தது. பொருள் சரி. ஆனால் தூக்-கித்-தந்-தாய் என்று நான்கு கனமான அசை ஒரே தட்டில் நெருங்கி விழுந்து, பாடும்போது நாக்கு தடுமாறும். "கொண்டுதந்தாய்" என்றதும் வரி வழுக்கிக்கொண்டு போனது. மற்ற சீர்களில் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை, பாடுகிற வாய் நீட்டிக் குறுக்கிச் சரிசெய்துகொள்ளும். முடிகிற சீரில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாடும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. முதல் வரி "வந்தாய்" என்று ய்-யில் முடிகிறது, அடுத்த வரி அ-வில் தொடங்குகிறது. மூச்சு விடாமல் பாடினால் "வந்தாயணிவது" என்று ஒட்டிக்கொள்ளும், உயிரெழுத்து யகரத்துக்குள் போய்விடும். மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் இடையிலும் "அமர்ந்தாயுடன்" என்று இதுவே நடக்கும். உயிரை முன்னால் வைக்கும் வழியில் வருகிற குறை இது, தாளில் தெரியாது, பாடும்போதுதான் தெரியும். இங்கேதான் அந்தக் காலித் தட்டு உதவுகிறது. ஒருவர் வரியைப் பாடட்டும், எட்டாவது தட்டில் மற்றவர்கள் எல்லோரும் அந்த வரியின் பெயர்த் துண்டைச் சத்தமாகச் சொல்லட்டும். முதல் வரி முடிந்ததும் "ம!", இரண்டாவது முடிந்ததும் "ணி!", அப்புறம் "கண்!", அப்புறம் "டன்!". வரிகள் ஒட்டிக்கொள்ளாது. சொல்லுக்கு முதலில் வர முடியாத ணி-யும் டன்-னும் அந்த ஒரு தட்டில் தனியாக, முன்னால் உயிர் எதுவும் இல்லாமல் ஒலிக்கும். பிறந்தநாள்காரனுக்கு இரண்டாவது வரி முடியும்போதே விஷயம் புரிந்துவிடும். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். வெறுமனே பாடினால் வரியின் முதலெழுத்தில் பெயர் இருப்பதைக் காது மட்டும் வைத்துப் பிடிப்பவர்கள் குறைவு. மோனை உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

இந்த முறை எல்லாப் பெயருக்கும் இதே சுலபத்தில் வராது. சரண்யா என்றால் ச, ரண், யா. ரண்-ணுக்கு "இரண்டு" என்ற சொல் தயாராக நிற்கிறது, யா-வுக்கு யார், யாவும். முரளி என்றால் மு, ர, ளி: உரம், உரக்க என்று ர-வுக்கும், ஒளி என்று ளி-க்கும் கிடைக்கும். செல்வம் இரண்டே துண்டு, செல், வம். "வம்பு" என்று தொடங்கலாம், நண்பர் அதற்குத் தகுந்தவராக இருந்தால் மிகவும் நன்றாகவே அமையும். கார்த்திக் என்றால் கார்த், திக் என்று இரண்டு. திக்-குக்குத் திக்கு, திக்குத்தெரியாமல் என்று சொல் உண்டு. கார்த் என்று தொடங்கும் சொற்களில் அவன் பெயரைத் தவிர எளிதில் கைக்கு வருவது கார்த்திகைதான், அவன் அந்த மாதத்தில் பிறந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் "கார்" வரைக்கும் எடுத்துக்கொண்டு த்-தை விட்டுவிட வேண்டியதுதான். ஹரிஷ், ஜோசப் போன்ற பெயர்களுக்கு இலக்கணம் உதவாது. ஹாஸ்டல், ஜன்னல், ஜோடி என்று நாம் தினமும் பேசுகிற சொற்களில்தான் தேட வேண்டும். ஷ், ப் போன்றவை முன்னெழுத்தோடு ஒட்டி ரிஷ், சப் ஆகிவிடும். அங்கே "சப்பாத்தி" காப்பாற்றும், ரிஷ்-ஷுக்கு எனக்குத் தெரிந்து நல்ல வழி கிடையாது, ரி-யோடு நின்று "அரிசி" என்று தொடங்குவேன்.

இன்னொன்று. அறையில் அவனை மணிகண்டன் என்று முழுப் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டிருப்பீர்களா? மணி என்றுதான் கூப்பிட்டிருப்பீர்கள் என்றால் பாட்டின் ஓரத்தில் முழுப் பெயர் இருக்கட்டும், கடைசி "டன்!" முடிந்த கையோடு எட்டுத் தட்டும் "மணி, மணி" என்று நீங்கள் கூப்பிடுகிற தொனியிலேயே கூப்பிட்டு முடியுங்கள். வேகம் ஒரு தட்டுக்கு ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். நான்கு வரி அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் இரண்டு தடவை பாடலாம்: முதல் தடவை ஒருவர் பாடி மற்றவர்கள் துண்டைச் சொல்ல, இரண்டாவது தடவை எல்லோரும் சேர்ந்து. ஒத்திகையில் மூன்றாவது வரியை மட்டும் யார் பாடுவது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் அப்பாவைப் பற்றிய வரி, நீங்களே பாடினால் குரல் நிற்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.